ராவு டிவியும் பிந்தி வாற சத்தமும்

ஐரோப்பாவில் சம்பியன்ஸ் லீக் ஆட்டம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கினால், அவங்கட குளிர்காலத்தில் நம்மட மணிக்கூட்டில் அது விடிய 1.30. மார்ச் கடைசியில் அவங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளின பிறகு 12.30. 2022 கட்டார் உலகக் கிண்ணத்திலும் அவங்கட ராத்திரி பத்து மணி ஆட்டமெல்லாம் நமக்கு 12.30க்குத்தான் தொடங்கிச்சு. அந்த நேரத்தில நாவிதன்வெளிப் பக்கம் வயலில தவளைச் சத்தம் மட்டும்தான். வாப்பா சுபஹுக்கு எழும்பணும், ராத்தா ஏ.எல். எடுக்கிறா, உம்மம்மா ஹோலுக்குப் பக்கத்து அறையில படுத்திருக்கிறா. டிவியை இரண்டாம் நம்பரில வச்சாலும் வீடு முழுக்கக் கேக்கும். ஒண்டாம் நம்பரில வச்சா நமக்கே கேக்காது.

அதனாலதான் எங்கட கூட்டத்தில நாலைஞ்சு பேர் போனுக்கு வாங்கின புளூடூத் ஹெட்போனை டிவிக்கும் போட்டுப் பார்க்கத் தொடங்கினோம். எல்லாரும் கொஞ்ச நாளில ஒரே முறைப்பாட்டோடதான் வந்தாங்க: "மச்சான், வாய் அசைஞ்ச பிறகுதான் சத்தம் வருது." ஹெட்போன் பழுது எண்டு ஒருத்தன், டிவி பழுது எண்டு இன்னொருத்தன். இரண்டும் பழுதில்லை. ஏன் இப்படி நடக்குது, எங்க சரிப்படுத்தலாம், எங்க சரிப்படுத்தவே ஏலாது என்பதை நாங்கள் தேடிப் பார்த்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு பிந்துது?

சாதாரண புளூடூத் ஹெட்போனில் சத்தம் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செக்கன் வரை பிந்தும். ஆயிரம் மில்லி செக்கன்தான் ஒரு செக்கன். ஆக 200 எண்டால் ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. கேக்கச் சின்னதாத்தான் இருக்கும். ஆனா நம்மட டிவி ஒளிபரப்பில ஒரு செக்கனுக்கு 25 படம் ஓடுது, ஒரு படத்துக்கு 40 மில்லி செக்கன். அப்ப சத்தம் வந்து சேருறதுக்குள்ள ஐந்து படம் தாண்டிப் போயிடும்.

இதை விளங்கிக்கொள்ள நல்ல இடம் கிரிக்கெட் மைதானம். பவுண்டரிக் கோட்டில நிண்டு பார்த்தா, பெட்டில பந்து படுறது முதல்ல தெரியும், 'டொக்' எண்டு பிறகுதான் கேக்கும். சத்தம் காற்றில ஒரு செக்கனுக்கு 340 மீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும். கோடு 70 மீற்றர் தள்ளி இருந்தா சத்தம் வர 200 மில்லி செக்கன் எடுக்கும். புளூடூத் ஹெட்போன் செய்யிறதும் இதே அளவுதான். மைதானத்தில அது நமக்குக் குறையாத் தெரியாது, ஏனெண்டா ஆளும் தூரத்திலதான் நிக்கிறான். டிவியில ஆளுட முகம் திரை முழுக்க இருக்கு, அவன்ட குரலோ 70 மீற்றர் தள்ளி வருது. அதுதான் மூளைக்கு ஒத்துவராமல் போறது.

ஒளிபரப்புத் துறைக்காக சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட BT.1359 என்ற பரிந்துரை இதுக்கு அளவு சொல்லுது. சத்தம் படத்துக்கு 125 மில்லி செக்கன் பிந்தினா ஆட்கள் கவனிக்கத் தொடங்குவாங்க. 185 தாண்டினா ஏற்றுக்கொள்ள மாட்டாங்க. சத்தம் முந்தினா வெறும் 45லயே கவனிச்சுருவாங்க. உலகத்தில சத்தம் எப்பவும் பிந்தித்தான் வரும், முந்தி வந்ததில்லை. அதனாலதான் காதுக்கு முந்துறதில அவ்வளவு பொறுமை இல்ல. புளூடூத்தின் 150-250 இந்த எல்லைக்குச் சரி நடுவில விழுது. ஒரே ஹெட்போனைப் பற்றி ஒருத்தன் "பரவாயில்லை" எண்டும் மற்றவன் "பார்க்கவே ஏலாது" எண்டும் சொல்லுறதுக்குக் காரணம் இதுதான்.

பார்க்கிற நிகழ்ச்சியைப் பொறுத்தும் மாறும். உதைபந்தாட்டத்தைக் கமரா தூரத்தில இருந்து காட்டும், வர்ணனையாளர்ட வாயும் தெரியாது. அதில பெரும்பாலும் பிடிபடாது. செய்தி வாசிக்கிறவரின் முகம், நாடகத்தில சண்டை, கிரிக்கெட்டில பெட் சத்தம் எல்லாம் உடனே காட்டிக்கொடுக்கும். காது கொஞ்சம் மந்தமான பெரியவங்க, தெரிஞ்சோ தெரியாமலோ வாயைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சை விளங்கிக்கொள்ளுறாங்க. உம்மம்மாவுக்கு ஹெட்போன் போட்டுக்கொடுத்தா சத்தம் கூடுது, ஆனா வாயும் குரலும் ஒத்துப்போகாததால பேச்சு விளங்காம போகலாம். அவங்களுக்கு இது எரிச்சல் மட்டுமில்ல, நிகழ்ச்சியே விளங்காமப் போற விசயம்.

சத்தம் எங்க காத்து நிக்குது?

புளூடூத் வானொலி அலையிலதான் போகுது, ஒளியின்ட வேகத்தில. டிவியில இருந்து உங்கட காதுக்கு வாற பயணத்துக்கு நேரமே எடுக்காது எண்டு சொல்லலாம். பிந்துறது வழியில இல்ல, இரண்டு பக்கமும் சத்தம் காத்து நிக்கிற இடங்களில.

முதலில டிவி சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டிச் சுருக்குது. எல்லா ஹெட்போனுக்கும் பொதுவான சுருக்கும் முறைக்கு எஸ்பிசி எண்டு பேர். அதில ஒரு துண்டு மூன்று மில்லி செக்கன் அளவுதான். பல துண்டுகளைச் சேர்த்து ஒரு பொதியாக் கட்டி அனுப்பும். பஸ் நிரம்பிய பிறகுதான் புறப்படுற மாதிரி, முதல் துண்டு கடைசித் துண்டு வரும் வரைக்கும் காத்திருக்கும். இதில கொஞ்ச நேரம் போகும், ஆனா பெரிய பங்கு இது இல்ல.

பெரிய பங்கு ஹெட்போனுக்குள்ள. புளூடூத் ஓடுற 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலதான் வீட்டு வைஃபை ரவுட்டரும், மைக்ரோவேவ் அடுப்பும், பக்கத்து வீட்டுக்காரன்ட போனும் இருக்கு. பொதிகள் அடிக்கடி கெட்டுப்போகும், டிவி திரும்ப அனுப்பணும். வந்த சத்தத்தை வந்த உடனேயே ஹெட்போன் ஒலிச்சா, ஒரு பொதி தவறினாலும் சத்தம் அறுந்துபோகும். அதனால அது நூறு, நூற்றைம்பது மில்லி செக்கன் சத்தத்தைக் கையிருப்பா வச்சுக்கிட்டுத்தான் ஒலிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில கிட்டங்கிப் பாதை வெள்ளத்தில மூடினா, வீட்டில முதலே அரிசி வாங்கி வச்சவங்களுக்குக் கஷ்டமில்லை. ஹெட்போனும் அதைத்தான் செய்யுது. அந்தக் கையிருப்பின் அளவுதான் நாம கேக்கிற பிந்தல்.

இதைப் பிழை எண்டு சொல்ல ஏலாது. புளூடூத்தில் நல்ல தரத்தில் சத்தம் அனுப்புற ஏ2டிபி என்ற முறை பாட்டுக் கேக்கிறதுக்காக உருவானது. பாட்டு 200 மில்லி செக்கன் பிந்தித் தொடங்கினா யாருக்குத் தெரியும்? அறுந்து போறதுதான் அங்க பிரச்சினை. பிந்தினா கதைக்கவே ஏலாது என்பதால போன் அழைப்புக்கு வேற ஒரு முறை இருக்கு. அதில பிந்தல் குறைவு, ஆனா சத்தத்தின் தரம் படத்துக்கோ பாட்டுக்கோ காணாது.

அப்ப போனில ஏன் சரியா இருக்கு?

எங்களை மிகவும் குழப்பின கேள்வி இது. அதே ஹெட்போனைப் போட்டு போனில யூடியூப் பார்த்தா வாயும் சத்தமும் ஒண்டாத்தான் போகுது. ஹெட்போன் டிவிக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யுதா?

இல்ல. போனிலயும் சத்தம் அதே அளவு பிந்தித்தான் வருது. ஆனா போனுக்கு அது தெரியும். எவ்வளவு பிந்தும் எண்டு கணக்கு எடுத்து, யூடியூப் பிளேயர் படத்தையும் அதே அளவு பிடிச்சு வச்சுக் காட்டுது. இரண்டும் பிந்துறதால நமக்கு இரண்டும் ஒண்டா வாற மாதிரித் தெரியுது. இதைச் சோதிக்க வேணுமெண்டா அதே போனில அதே ஹெட்போனோட பப்ஜி விளையாடிப் பாருங்க. விரல் அமத்திக் கொஞ்சம் கழிச்சுத்தான் துவக்குச் சத்தம் கேக்கும். விளையாட்டில படத்தைப் பிடிச்சு வச்சா நம்ம விரலுக்குப் படம் பிந்திப் போகும், அதனால அங்க அந்த வித்தையைச் செய்ய ஏலாது.

இந்த முழு விசயத்துக்கும் திறப்பு இதுதான்: பிந்தின சத்தத்தை யாராலும் முன்னுக்கு இழுக்க ஏலாது. படத்தைப் பின்னுக்குப் பிடிச்சு வைக்க மட்டும்தான் ஏலும். படத்தைப் பிடிச்சு வைக்கக்கூடிய ஆள் ஒருத்தர் இடையில இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் உங்கட டிவி சரியா வாறதும் வராததும்.

டிவிக்குள்ளயே இருக்கிற யூடியூப் செயலியில பார்த்தா, படமும் சத்தமும் ஒரே பிளேயரின் கையில. பல ஸ்மார்ட் டிவிகளில அங்க ஒத்துப்போகும். டிஷ் அல்லது கேபிள் பொக்ஸில இருந்து எச்டிஎம்ஐ வயரில வாற படம் வேற மாதிரி. வந்ததை வந்தபடி உடனே காட்டுறதுதான் பல டிவிகளின் வழக்கம். பொக்ஸுக்கு நாம ஹெட்போன் போட்டிருக்கிறது தெரியாது. டிவிக்குத் தெரிஞ்சாலும், படங்களை நினைவகத்தில சேர்த்து வச்சுப் பிந்திக் காட்டுற வேலையை அது செய்யாமல் விட்டுரும்.

அதனால முதல் சோதனை இப்படி: ஹெட்போனைப் போட்டு டிவியின்ட யூடியூப்பில ஒரு செய்தி வாசிப்பைப் பாருங்க, பிறகு டிஷ் பொக்ஸுக்கு மாறி இன்னொண்டைப் பாருங்க. முதலாவது சரி, இரண்டாவது பிந்துது எண்டால் ஹெட்போனை மாத்திப் பலனில்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. இன்னொரு எஸ்பிசி ஹெட்போனும் அங்க அதையேதான் செய்யும்.

இதோட இன்னொரு பிந்தலையும் கலந்து குழம்பக்கூடாது. பக்கத்து வீட்டில 'கோல்' எண்டு கத்தி அரை நிமிசம் கழிச்சு உங்கட திரையில கோல் விழுந்தா, அது இணையத்தில ஆட்டம் வந்து சேர எடுக்கிற நேரம். அங்க படமும் சத்தமும் சேர்ந்தே பிந்துது. அதுக்கும் ஹெட்போனுக்கும் சம்பந்தமில்ல.

அளந்து பார்க்கிற விதம்

"கொஞ்சம் பிந்துது" எண்டு சொல்லுறதை விட்டு நாங்கள் அளந்து பார்த்தோம். கருவி ஒண்டும் தேவையில்ல. ஒரு போனில, ஒருத்தன் மூன்று செக்கனுக்கு ஒரு தரம் கை தட்டுறதை வீடியோ எடுத்து பென் டிரைவில போட்டு டிவியில ஓட விட்டோம். ஹெட்போனின் ஒரு பக்கத்தை இன்னொரு போனின் மைக்குக்கு ஒட்டப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் போனால டிவித் திரையைச் செக்கனுக்கு 60 படம் வீதத்தில எடுத்தோம். பிறகு அந்த வீடியோவை எடிட் பண்ணுற செயலியில திறந்து, கை இரண்டும் ஒட்டுற படத்தில இருந்து சத்தக் கோடு எழும்புற இடம் வரைக்கும் எத்தனை படம் எண்டு எண்ணினோம்.

எங்களுக்கு 13 படம் வந்துச்சு. ஒரு படம் 16.7 மில்லி செக்கன், ஆக 217. பிறகு ஹெட்போனைக் கழற்றி டிவியின்ட ஸ்பீக்கரிலயே வச்சு அதே மாதிரி எடுத்தோம், ஒரு படம்தான் வித்தியாசம். அப்ப ஹெட்போனால மட்டும் கூடினது 12 படம், 200 மில்லி செக்கன். ஐந்து தட்டலை எண்ணிப் பார்த்தும் ஒண்டு கூடக் குறையத்தான் மாறிச்சு. இப்படி மாறாமல் நிலையா இருந்தா, அது கையிருப்பால வாற பிந்தல். சத்தம் அறுந்து அறுந்து வந்தா அது வேற நோய், பொதிகள் கெட்டுப்போகுது. டிவிக்குப் பக்கத்தில இருக்கிற ரவுட்டரைத் தள்ளி வச்சுப் பாருங்க.

என்ன செய்யலாம்?

பென் டிரைவில படம் வச்சிருக்கிறவங்களுக்கு வழி இலகு. லேப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால டிவியில குத்தி, ஹெட்போனை லேப்டொப்போட சேர்த்து, விஎல்சி பிளேயரில ஓட விடுங்க. விண்டோஸ் லேப்டொப்பில `J` ஒரு தரம் அமத்தினா சத்தம் 50 மில்லி செக்கன் முந்தும், `K` அமத்தினா பிந்தும். எங்கட 200க்கு `J` நாலு தரம். திரையில -200 ms எண்டு காட்டும், வாயும் குரலும் பொருந்திரும். சத்தத்தை முன்னுக்கு இழுக்க ஏலாது எண்டு சொல்லிட்டு இதென்ன எண்டு கேக்கலாம். கோப்பு முழுக்க பிளேயரின்ட கையில இருக்கு. இனிமேல் வரப்போற சத்தத்தை அதால முதலே எடுத்து அனுப்ப ஏலும். நேரடி ஆட்டத்தில அடுத்த செக்கன் இன்னும் நடக்கவே இல்ல.

டிவி மெனுவில `AV Sync`, `Lip Sync`, `Audio Delay` எண்டு ஒண்டு இருக்கும். பல டிவிகளில அது சத்தத்தை மேலும் பிந்த வைக்கத்தான் உதவும். சத்தம் முந்தி வாற இடத்துக்கான மருந்து அது. நம்பரைக் கூட்டும்போது நிலைமை மோசமானா, பூச்சியத்துக்குக் கொண்டு வந்து விட்டுருங்க. சில டிவிகளில மட்டும் அது படத்தைப் பிடிச்சு வைக்கும். சோனி பிராவியா டிவிகள் சிலதில உள்ள `A/V sync` புளூடூத்தில கேக்கிறவங்களுக்காகவே வச்சது. உங்கட டிவி எந்த வகை எண்டு கண்டுபிடிக்க நம்பரைக் கூட்டிப் பார்க்கிறதுதான் வழி. `Game Mode` போட்டா சரிவரும் எண்டு சிலர் சொல்லுவாங்க. அது குறைக்கிறது படத்தின் பிந்தலை. படம் இன்னும் சுறுக்கா வந்தா சத்தம் இன்னும் பின்னுக்கு நிக்கிற மாதிரித்தான் தெரியும்.

டிஷ் பொக்ஸில நேரடி ஆட்டம் பார்க்கிறவங்களுக்கு, டிவி படத்தைப் பிடிச்சு வைக்காட்டி, மிச்சம் ஒரே வழிதான்: பிந்தாத ஹெட்போன். அதில மலிவானது வயர். டிவியில ஹெட்போன் ஓட்டை இருந்தா ஐந்து மீற்றர் நீட்டிப்பு வயர் ஒண்டும் பழைய ஹெட்போனும் போதும், பிந்தல் இல்ல, சார்ஜும் தேவையில்ல. வயர் வேணாம் எண்டால், டிவியில குத்துற தன்ட சொந்த அனுப்பியோட வாற, புளூடூத் இல்லாத வயர்லெஸ் ஹெட்போன்கள் இருக்கு. பெட்டியில டிவிக்கானது எண்டு போட்டிருக்கும். அதில அனுப்புறதும் வாங்குறதும் ஒரே கம்பனியின்ட சோடி, இந்தப் பெரிய கையிருப்பு அதுக்குத் தேவையில்ல.

புளூடூத்திலயே நிக்க விரும்புறவங்க பெட்டியில எழுதியிருக்கிற 5.3 போன்ற நம்பரை நம்பி வாங்க வேணாம். அந்த நம்பர் பிந்தலைச் சொல்லாது. `aptX Low Latency` எண்டு போட்டதில பிந்தல் 40 மில்லி செக்கன் அளவுக்கு இறங்கும், அதாவது ஒரு படம். ஆனா அனுப்புற பக்கமும் கேக்கிற பக்கமும் இரண்டிலயும் அது இருக்கணும். ஒரு பக்கம் இல்லாட்டி இரண்டும் பொதுவான எஸ்பிசிக்கு இறங்கிப் பழைய 200க்கே வந்துரும். 2020இல் அறிவிச்ச `LE Audio` என்ற புதிய முறையிலும் பிந்தல் குறைவுதான், நிபந்தனையும் அதேதான். `LDAC` எண்டு எழுதியிருந்தா அது சத்தத்தின் தரத்துக்கு, வேகத்துக்கு இல்ல.

புளூடூத் இல்லாத பழைய டிவிக்கு ஒரு சின்ன அனுப்பிப் பெட்டி வாங்கலாம். கல்முனையில வாங்கப் போனா ஒண்டைக் கவனியுங்க: காருக்கு விக்கிற பெட்டியும் பார்க்க இதே மாதிரித்தான் இருக்கும், ஆனா அது சத்தத்தை வாங்கத்தான் தெரிஞ்சது, அனுப்பாது. பெட்டியில `TX` எண்டோ `Transmitter` எண்டோ இருக்கணும். டிவியின்ட ஒப்டிகல் ஓட்டையில குத்துறவங்க, மெனுவில டிஜிட்டல் சத்தத்தை `PCM` ஆக்கிவிடணும். இல்லாட்டி எல்லாம் சரியாக் குத்தியிருந்தும் சத்தமே வராமல் இருக்கலாம்.

ஒரு எல்லையை மட்டும் எங்களால தாண்ட ஏலல்ல. இரண்டு பேர் இரண்டு புளூடூத் ஹெட்போனில ஒரே ஆட்டத்தைப் பார்க்க டிவி விட்டாலும், ஒவ்வொண்டின் கையிருப்பும் வேற வேற. ஒருத்தன் கோல் எண்டு கேட்டுத் துள்ளும்போது மற்றவனுக்கு இன்னும் கேட்டிருக்காது. படத்தை ஒரு ஹெட்போனுக்குத்தான் பொருத்தலாம். ராவு ஆட்டத்தை மச்சான்மாரோட சேர்ந்து பார்க்கணும் எண்டால், ஒரு ஓட்டையை இரண்டாப் பிரிக்கிற சின்ன வயரும் இரண்டு பழைய வயர் ஹெட்போனும்தான் இண்டைக்கு வரைக்கும் எங்களுக்குச் சரிவந்தது. துள்ளுறதை மட்டும் மெதுவாத் துள்ளுங்க, உம்மம்மா படுத்திருக்கிறா.